கைக்குழந்தையின் உடம்பில் ஸ்ட்ராபெர்ரி போன்ற சிவப்பு மச்சம்: எப்போது காத்திருக்கலாம், எப்போது மருந்து தேவை?

பிறந்தபோது ஒன்றுமே இல்லை. மூன்றாவது வாரம் கன்னத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. இப்போது மேடாகிக்கொண்டே போகிறது. இது என்ன?

நீங்கள் சொல்லும் வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது. பிறந்தபோது இல்லாமல், முதல் சில வாரங்களில் தலைகாட்டி, பிறகு மளமளவென்று வளரும் சிவப்பு மேடு பெரும்பாலும் ஹீமாஞ்சியோமாதான். தோலில் உள்ள மிக நுண்ணிய இரத்தக்குழாய்களின் உள்சுவர் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதால் உண்டாகும் கட்டி இது. கட்டி என்றதும் மனம் வேறெங்கோ போய்விடும். இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்தவர்களுக்கும், இரட்டையருக்கும் இன்னும் அதிகம்.

இப்போது பழைய படங்களைத் திருப்பிப் பார்த்தால், முதல் வாரத்திலேயே அதே இடத்தில் ஏதோ ஒரு தடயம் இருந்திருக்கும். சுற்றியுள்ள தோலைவிட வெளுத்த ஒரு திட்டு, மெல்லிய சிவப்பு இழைகள், அல்லது அடிபட்டுக் கன்றியது போன்ற ஒரு நிறம். பூச்சிக்கடி, பிரசவத்தின்போது பட்ட கீறல் என்று நினைத்து விட்டுவிடுவது சகஜம். மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் இந்த ஆரம்ப நிறமாற்றம் இன்னும் மங்கலாகத் தெரியும்.

கர்ப்பமாக இருந்தபோது நான் ஏதாவது சாப்பிட்டதாலோ, செய்ததாலோ வந்ததா?

இல்லை. சாப்பாடு, பயம், தூக்கம், பயணம், எதுவும் காரணம் இல்லை. நஞ்சுக்கொடியில் ஏற்பட்ட கோளாறுகளுக்கும் இதற்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஆனால் அது தாய் தன் செயலால் வரவழைத்துக்கொண்டதோ, தடுத்திருக்கக்கூடியதோ அல்ல.

இது அதுதான் என்று எப்படி உறுதி செய்வார்கள்? சதையை வெட்டிப் பரிசோதிக்க வேண்டுமா?

பெரும்பாலும் பார்த்தும், தொட்டும், "எப்போது வந்தது, எப்படி வளர்ந்தது" என்று கேட்டுமே சொல்லிவிடுவார்கள். ஸ்கேன்கூடப் பல குழந்தைகளுக்குத் தேவைப்படாது. பயாப்ஸி மிக அரிது.

குழப்பம் வரக்கூடியவை சில உண்டு. பிறக்கும்போதே தட்டையாக இருக்கும் ஒயின் நிறத் தழும்பு, குழந்தை வளரும் அளவுக்கு மட்டுமே பெரிதாகும். திடீரென்று வளராது, தானாக மறையவும் செய்யாது. நெற்றி நடுவிலும் பிடரியிலும் தெரியும் இளஞ்சிவப்புத் திட்டு வேறு. நெற்றியில் இருப்பது ஓரிரு வருடத்தில் மங்கிவிடும். பிறக்கும்போதே முழு அளவில் இருக்கும் இரத்தக்குழாய்க் கட்டி இன்னொரு வகை. அதற்கு இங்கே சொல்லப்போகும் கணக்கு எதுவும் பொருந்தாது. அதனால்தான் மருத்துவர் "பிறந்த அன்று இருந்ததா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். பிறந்த நாளில் எடுத்த ஒரு தெளிவான படம் கையில் இருந்தால் பெரிய உதவி.

எல்லாரும் "தானாகப் போய்விடும், விடுங்கள்" என்கிறார்கள். அப்புறம் எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும்?

அவர்கள் சொல்வது பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரி. தவறு எங்கே வருகிறது என்றால், "தானாகப் போய்விடும்" என்பதை "அதனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று புரிந்துகொள்வதில். இந்தக் கட்டிக்கு ஒரு நாட்காட்டி உண்டு. அது மிகவும் அவசரமான நாட்காட்டி.

பிறந்து ஐந்தாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் வளர்ச்சி உச்ச வேகத்தில் இருக்கும். சராசரியாகப் பார்த்தால், மூன்று மாதம் முடிவதற்குள் தன் கடைசி அளவில் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஐந்து மாதத்துக்குள் பெரும்பாலானவற்றின் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிடும். பிறகு கொஞ்ச நாள் அப்படியே நிற்கும். முதல் பிறந்தநாளையொட்டி நிறம் மங்க ஆரம்பித்து, மெல்ல மெல்லச் சுருங்கும். நான்கு வயதுக்குள் சுருங்க வேண்டியதில் பெரும்பங்கு சுருங்கியிருக்கும்.

ஆக, சேதம் நடக்கும் காலம் முதல் மூன்று மாதம். ஆறுதலாகச் சொல்லப்படும் மறைவு நடப்பது அதற்கு வெகுகாலம் கழித்து. கண்ணையோ மூக்கையோ உதட்டையோ பாதிக்கப்போகும் கட்டியைத் தடுக்க வேண்டுமானால், அது அந்த இடத்தை இழுத்து விரிப்பதற்கு முன்பே மருந்து தொடங்க வேண்டும். ஆறு மாதத்தில் மருத்துவரைப் பார்த்தாலும் மருந்து வேலை செய்யும்தான். ஆனால் அதற்குள் விரிந்துபோன தோல் முழுதாகப் பழைய நிலைக்கு வராது. 2019-இல் வெளியான அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், ஆபத்து இருக்கக்கூடிய ஹீமாஞ்சியோமாவை முடிந்தால் ஒரு மாத வயதுக்குள்ளேயே இதில் அனுபவம் உள்ளவர் பார்க்க வேண்டும் என்கிறது. பலர் தடுப்பூசிக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளுகிறார்கள். அந்த இரண்டு மூன்று வாரத்தில் கட்டி மளமளவென்று பெரிதாகியிருக்கலாம். முகத்தில் வந்திருந்தால் தடுப்பூசித் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். முதுகிலோ வயிற்றிலோ கையிலோ பட்டாணி அளவில் இருக்கும் ஒன்றை, மாதம் ஒருமுறை படம் எடுத்து வைத்துக்கொண்டு சும்மா விட்டுவிடலாம். மருந்தைப் பற்றி யோசிக்க வைப்பது அளவைவிட இடம்தான்.

கண்ணைச் சுற்றி இருந்தால் பார்வை. மூக்கு நுனியிலும் உதட்டிலும் இருந்தால் உருவம். உதட்டில் இருந்தால் பால் குடிப்பதும் சிரமமாகும், புண்ணும் சீக்கிரம் வரும். முகத்தில் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் தழும்பு நிற்க வாய்ப்பு அதிகம். டயப்பர் படும் இடத்திலும் கழுத்து மடிப்பிலும் இருந்தால் புண். பெண் குழந்தையின் மார்புக் காம்பின் மேலே இருந்தால், பின்னாளில் மார்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

தாடி முளைக்கும் பகுதியில், அதாவது இரு கன்னங்களின் கீழ்ப்பகுதி, தாடை, கழுத்தின் முன்புறம் என்று பரவியிருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்குக் குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாய்க்குள்ளும் ஒரு ஹீமாஞ்சியோமா இருக்கும். குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் கேட்கிறது, அழுகைக் குரல் கம்மிப்போகிறது, சளி இல்லாமலே இருமல் வருகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு வகை, புள்ளியாக இல்லாமல் ஒரு வரைபடம் போல முகத்தின் ஒரு பகுதியை முழுதாகப் பிடித்துக்கொண்டு, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருப்பது. இதனுடன் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள், இதயம், கண் ஆகியவற்றிலும் பிறவிக் குறைகள் சேர்ந்திருக்கலாம். அதற்கு ஃபேஸ் கூட்டறிகுறி என்று பெயர். மருந்தை முழு அளவில் கொடுப்பதற்கு முன் மூளைக்கும் கழுத்துக்கும் எம்ஆர்ஐ, இதயத்துக்கு எக்கோ, கண் பரிசோதனை ஆகியவற்றைச் செய்யச் சொல்வார்கள். மூளை இரத்தக்குழாய் குறுகியிருந்தால், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை மிகவும் யோசித்துத்தான் கொடுக்க முடியும். அதே மாதிரி இடுப்புக்குக் கீழே, முதுகுத்தண்டின் நடுக்கோட்டில் பெரிதாக இருந்தால் தண்டுவடத்தையும் பார்க்க வேண்டும்.

எங்கள் குழந்தைக்கு மேல் இமையில் சின்னதாகத்தான் இருக்கிறது. கண்ணைத் திறந்துதான் பார்க்கிறாள். இதற்குமா மருந்து?

இந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது மேல் இமைதான்.

நான்கு வார வயதுள்ள ஒரு பெண் குழந்தை. வலது மேல் இமையின் உள்பக்கமாக, ஐந்து மில்லிமீட்டரில் ஒரு சிவப்பு மேடு. கண் நன்றாகத் திறக்கிறது. ஆறாவது வாரம் அதுவே பன்னிரண்டு மில்லிமீட்டர். இமை லேசாகத் தொங்குகிறது, ஆனால் கருவிழியை மறைக்கவில்லை. பெற்றோர் பார்ப்பது இவ்வளவுதான்: கண் திறந்திருக்கிறது, ஆட்டிக் காட்டுவதைப் பார்க்கிறாள், பிரச்சினை இல்லை.

கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, இரண்டு கண்ணின் பவரையும் அளக்கிறார். இடது கண் அந்த வயதுக்கு உரியபடி இருக்கிறது. வலது கண்ணில் சாய்பவர், அதாவது ஆஸ்டிக்மேட்டிசம், கணிசமாக ஏறியிருக்கிறது. காரணம், இமையில் உள்ள கட்டி வெளியே மட்டும் புடைக்கவில்லை, உள்பக்கமாகக் கருவிழியையும் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் கருவிழியின் வளைவு மாறிவிடுகிறது. மூளைக்கு ஒரு கண்ணிலிருந்து தெளிவான பிம்பமும் மற்றொன்றிலிருந்து மங்கலான பிம்பமும் போகும்போது, அது மங்கலானதைக் கழித்துவிடப் பழகிக்கொள்கிறது. இதுதான் சோம்பேறிக் கண். பின்னாளில் கட்டி முழுதாக மறைந்தாலும், அந்தக் கண்ணின் பார்வை தானாகத் திரும்பாது. இமை கருவிழியை முழுதாக மூடிவிட்டால் இதே பாதிப்பு இன்னும் வேகமாக வரும்.

அதனால் ஆறாவது வாரத்திலேயே மருந்து தொடங்குகிறார்கள். ஓரிரு நாளில் கட்டி மென்மையாகி, பளிச்சென்ற சிவப்பு கொஞ்சம் இருண்டு மங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் இமையின் தொங்கல் குறைகிறது. கண் பரிசோதனையைத் தொடர்ந்து செய்கிறார்கள். சாய்பவர் மீதம் இருந்தால் கண்ணாடியோ, நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடி வைப்பதோ தேவைப்படும். சீக்கிரம் தொடங்கியதால் அழுத்தமும் சீக்கிரம் நீங்குகிறது. இதே குழந்தை ஒன்பதாம் மாதம் வந்திருந்தால் கட்டியைச் சுருக்கியிருக்கலாம், ஆனால் பார்வை வளர்ச்சியின் மிக முக்கியமான மாதங்கள் கைவிட்டுப் போயிருக்கும்.

எனவே உங்கள் கேள்விக்கு விடை: மருந்து தேவையா என்பதைக் கண் பரிசோதனை செய்தபின் முடிவு செய்யலாம். ஆனால் அந்தப் பரிசோதனை இந்த வாரமே நடக்கட்டும்.

கொடுப்பது இரத்த அழுத்த மருந்தாமே? கைக்குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது?

ஆமாம். புரோப்ரனோலால் என்ற அந்த மருந்து பல பத்தாண்டுகளாகப் பெரியவர்களின் இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படுவது. ஹீமாஞ்சியோமாவுக்கு அது கேட்கும் என்று தற்செயலாகத்தான் தெரியவந்தது. பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரில், மூக்கில் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு இதயத்தசை தடித்துப்போகவே, இதயத்துக்காக புரோப்ரனோலால் கொடுத்தார்கள். மறுநாளே கட்டி நிறம் மாறி மென்மையானது. கிறிஸ்டின் லியோட்டே-லாப்ரேஸ் என்ற தோல் மருத்துவரும் அவரது குழுவினரும் இதை 2008-இல் வெளியிட்டார்கள். அதே குழு 2015-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஆறு மாதம் மருந்து பெற்ற குழந்தைகளில் 60 சதவீதத்தினருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது. வெறும் போலி மருந்து பெற்றவர்களில் அது 4 சதவீதம்தான். அதற்கு முன்பு இருந்த முக்கிய வழி மாதக்கணக்கில் ஸ்டீராய்டு. அதன் பக்கவிளைவுகளைப் பார்த்தவர்கள் இந்த மாற்றத்தின் அருமையை அறிவார்கள்.

தொடங்கும் முன் குழந்தையின் எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், நெஞ்சுச் சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். இதயத்துடிப்பு குறைவாக இருந்தாலோ, இதய மின்னோட்டத்தில் தடை இருந்தாலோ, இழைப்பு வந்திருந்தாலோ மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தை, மிக இளம் குழந்தை, இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தை ஆகியோருக்கு மருத்துவமனையில் வைத்துத் தொடங்குவதா, சில வாரம் பொறுப்பதா என்று யோசிப்பார்கள். மற்றக் குழந்தைகளுக்கு முதல் வேளை மருந்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் நாடியும் அழுத்தமும் பார்த்து வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்.

வீட்டில் மருந்து கொடுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இரண்டு இடத்தில். ஒன்று அளவு, இன்னொன்று பால்.

அளவைப் பார்ப்போம். வழக்கமான இலக்கு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு இரண்டு முதல் மூன்று மில்லிகிராம். பொதுவாக ஒரு மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். மேலே சொன்ன குழந்தை நான்கு கிலோ என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் நாளைக்கு நான்கு மில்லிகிராம், அதாவது வேளைக்கு இரண்டாக இரண்டு வேளை. பிறகு நாளைக்கு எட்டு, அதாவது வேளைக்கு நான்கு மில்லிகிராம். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இந்தத் திரவ மருந்து பல செறிவுகளில் வருகிறது. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள பாட்டிலில் அந்த நான்கு மில்லிகிராம் என்பது நான்கு மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் பத்து மில்லிகிராம் உள்ள பாட்டிலிலோ அதே நான்கு மில்லிகிராம் வெறும் 0.4 மில்லிலிட்டர். பாட்டில் மாறியது தெரியாமல் பழைய கோடு வரை சிரிஞ்சில் இழுத்தால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஆகவே மருந்துச் சீட்டில் மில்லிகிராம், மில்லிலிட்டர், செறிவு மூன்றையும் எழுதி வாங்குங்கள். புதுப் பாட்டில் வாங்கும் ஒவ்வொரு முறையும் லேபிளைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்தை ஊசியில்லாச் சிறு சிரிஞ்சில்தான் அளக்க வேண்டும், ஸ்பூனில் வேண்டாம். குழந்தையின் எடை ஏற ஏற அளவையும் மருத்துவர் திருத்துவார். நீங்களாக ஏற்ற வேண்டாம்.

அடுத்தது பால். இந்த மருந்து, வயிறு காலியாக இருக்கும்போது இரத்தச் சர்க்கரையைக் கீழே இறக்கிவிடலாம். கூடவே நடுக்கம், படபடப்பு போன்ற எச்சரிக்கைகளையும் மறைத்துவிடும். எனவே பால் குடிக்கும்போதோ குடித்த உடனோதான் மருந்து. ஆறு வாரத்துக்குக் குறைந்த குழந்தையை நான்கு மணி நேரத்துக்கு மேல் பாலில்லாமல் விடக்கூடாது. நான்கு மாதம் வரை ஐந்து மணி நேரம். அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம். இரவில் குழந்தை நன்றாகத் தூங்குகிறதே என்று விடாமல், நேரம் வந்தால் எழுப்பிக் கொடுக்க வேண்டியதுதான். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது ஒன்பது மணி நேரம் இருக்கட்டும்.

குழந்தை பால் மறுத்தாலோ, வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாலோ, இழைப்பு வந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். கொடுத்த மருந்தைக் கக்கிவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டாம், அடுத்த வேளையில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. குழந்தை துவண்டு கிடக்கிறது, எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, உடம்பு சில்லிட்டு வியர்க்கிறது, வலிப்பு வருகிறது என்றால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். விழித்திருந்து விழுங்க முடிகிற குழந்தைக்கு வழியிலேயே பால் கொடுங்கள்.

கை கால் சில்லென்று இருப்பது, தூக்கம் கெடுவது, வயிறு இளகுவது ஆகியவை அடிக்கடி வரும். தொல்லைதான், ஆனால் பெரும்பாலும் மருந்தை நிறுத்த வேண்டிய அளவுக்குப் போகாது.

எவ்வளவு காலம் கொடுக்க வேண்டும்? நிறுத்தினால் திரும்பி வருமா?

குறைந்தது ஆறு மாதம். பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை. ஒரு மாதத்திலேயே கட்டி அமுங்கியதைப் பார்த்துவிட்டு, "போதும்" என்று வீட்டிலேயே நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வளர்ச்சிக் காலம் முடிவதற்குள் நிறுத்தினால் கட்டி மறுபடி எழும்பும். சரியான காலம் கொடுத்து நிறுத்தினாலும், சிலருக்குக் கொஞ்சம் நிறமும் புடைப்பும் திரும்பலாம். ஆழமான கட்டிகளில் இது அதிகம். அப்போது இன்னும் சில மாதம் தொடர்வார்கள்.

வாய்வழி மருந்து வேண்டாம், மேலே தடவ ஏதாவது இல்லையா?

டிமோலால் என்ற மருந்து இருக்கிறது. கண் அழுத்த நோய்க்கான 0.5 சதவீதச் சொட்டு மருந்தையே தோலில், பெரும்பாலும் ஒரு சொட்டு வீதம் இரண்டு வேளை தடவச் சொல்வார்கள். மெல்லியதாக, தட்டையாக, சிறியதாக இருக்கும் கட்டிக்கு, அதுவும் சீக்கிரம் தொடங்கினால், நன்றாகக் கேட்கும். தடித்த கட்டியின் அடி வரை அது போய்ச் சேராது. தோல் வழியே இரத்தத்திலும் கலக்கும் என்பதால், புண்ணான இடத்திலும் வாய் உள்பக்கத்திலும் தடவக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு மிகவும் ஜாக்கிரதை. மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கித் தடவும் மருந்து அல்ல இது.

சிவப்பே இல்லை. தோலுக்கு அடியில் நீலமாக ஒரு வீக்கம் மட்டும் இருக்கிறது.

ஆழத்தில் உள்ள ஹீமாஞ்சியோமா அப்படித்தான் தெரியும். வெளியே தெரிவதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகலாம், ஒரு வயதை நெருங்கும் வரைகூட வளரலாம். பார்த்து மட்டும் உறுதி சொல்வது கடினம் என்பதால் இதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள்.

நடுவில் வெள்ளையாகிவிட்டது. ஆறுகிறது என்றுதானே அர்த்தம்?

குழந்தையின் வயதைப் பொறுத்தது. ஒரு வயதையொட்டிக் கட்டி முழுவதும் மெல்ல மெல்லச் சாம்பல் பூத்தால் அது ஆறும் அடையாளம். மூன்று மாதக் குழந்தைக்கு, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கட்டியில் திடீரென்று ஒரு வெண்சாம்பல் திட்டு தோன்றினால், அது பெரும்பாலும் புண் வரப்போவதற்கான முன்னறிவிப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்வது பெற்றோர் மட்டுமல்ல.

ஹீமாஞ்சியோமாவில் அதிகம் வரும் சிக்கலே இந்தப் புண்தான். உதடு, கழுத்து மடிப்பு, டயப்பர் பகுதி ஆகிய ஈரமும் உராய்வும் உள்ள இடங்களில் வரும். வலி கடுமையாக இருக்கும். டயப்பர் மாற்றும்போதும் பால் குடிக்கும்போதும் வீறிட்டு அழுகிற குழந்தையின் கட்டியை ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள், தோல் கிழிந்திருக்கலாம். புண்ணானால் தழும்பு நிச்சயம் என்பதால், புண்ணே மருந்து தொடங்க ஒரு காரணம். வீட்டில் வெதுவெதுப்பான நீரில் மெல்லக் கழுவி, வாசலைனைத் தடிமனாகப் பூசி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடலாம். வலிக்கு மருத்துவர் எடை பார்த்து மருந்து தருவார். மஞ்சள் சீழ், துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் கிருமித் தொற்று.

இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. பத்து நிமிடத்துக்குப் பிறகும் வடிந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

உடம்பு முழுக்க ஆறேழு சின்னப் புள்ளிகள் இருக்கின்றன. உள்ளேயும் இருக்குமா?

தோலில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால், கல்லீரலில் இருக்கிறதா என்று ஒரு அல்ட்ராசவுண்ட் எடுப்பது வழக்கம். வலியில்லாத சோதனை. இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு சிறியவையாக, தொல்லை தராமல் தானே சுருங்கிவிடும். கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தால்தான் இதயத்துக்குச் சுமை ஏறும், தைராய்டு ஹார்மோனும் குறையும். அதற்கு இரத்தப் பரிசோதனையும் மருந்தும் தேவை.

தடுப்பூசி போடலாமா? குளிப்பாட்டலாமா?

இரண்டும் தாராளமாக. புரோப்ரனோலால் குடிக்கும் குழந்தைக்கும் எல்லாத் தடுப்பூசிகளும் உண்டு. ஊசியைக் கட்டியின் மேல் குத்தாமல் இருந்தால் போதும். ஸ்டீராய்டு வாய்வழியாகக் கொடுக்கப்பட்டால் மட்டும், சில தடுப்பூசிகளைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும். குளிப்பாட்டும்போது கட்டியை அழுத்தித் தேய்க்க வேண்டாம். நகத்தைச் சின்னதாக வெட்டி வையுங்கள்.

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. கன்னத்தில் பெரிதாக இருந்தது, இப்போது பாதி சுருங்கிவிட்டது. இனி என்ன செய்யலாம்?

இந்த வயதில் அவசரம் எதுவும் இல்லை. இனி சுருங்கத்தான் போகிறது, வளராது. ஆனால் சுருங்கியபின் தோல் எப்போதும் பழையபடி ஆவதில்லை என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சிகிச்சை இல்லாமல் விடப்பட்டவற்றில் ஏறக்குறைய பாதியில் ஏதாவது ஒரு சுவடு தங்கிவிடுகிறது. மெல்லிய சிவப்பு இரத்தக்குழாய் இழைகள், ஊதி இறக்கிய பலூன் போலச் சுருங்கிய தோல், கொழுப்பும் நாரும் சேர்ந்த மென்மையான மேடு, முன்பு புண் வந்திருந்தால் தழும்பு. தட்டையாகப் பரவியிருந்ததைவிட, சுற்றுத் தோலிலிருந்து படிக்கட்டு வைத்ததுபோல் செங்குத்தாக எழும்பியிருந்த கட்டிதான் அதிகச் சுவடு விடும். அப்போதைய படங்கள் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், எவ்வளவு மிஞ்சும் என்று ஓரளவு கணிக்க முடியும்.

சிவப்பு இழைகளுக்கு லேசர் நன்றாக வேலை செய்யும். தொய்ந்த தோலுக்கும் மேட்டுக்கும் அறுவை சிகிச்சைதான், அதற்குப் பொதுவாக மூன்று முதல் ஐந்து வயது வரை பொறுப்பார்கள். அதற்குள் கட்டி தன்னால் முடிந்தவரை சுருங்கிவிடுவதால், வெட்ட வேண்டிய தோலும் விழும் தையல் கோடும் சிறியதாகின்றன. நான்கு வயதைத் தாண்டியும் கன்னத்தில் மேடு அப்படியே நின்றால், மேலும் காத்திருப்பதில் பயன் குறைவு. பள்ளியில் சேரும் முன்பே, குழந்தை தன் முகத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பிக்கும் வயதுக்குள், பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரிடம் காட்டி முடிவு செய்துவிடலாம்.